கிணற்று நீரில் ஆர்சனிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, குடிக்கவும் நல்லா இருக்கு. இதுல போய் ஆர்சனிக் இருக்குமா?

இருக்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. அதனால் பார்வையை வைத்தோ நாக்கை வைத்தோ ஒரு முடிவுக்கும் வர முடியாது.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசம் போன்ற சில நாடுகளில் சட்ட வரம்பு இன்னும் 50. ஒரு மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோகிராம். ஆய்வக அறிக்கையில் சிலர் 0.01 மில்லிகிராம் என்றும், சிலர் 10 மைக்ரோகிராம் என்றும், சிலர் 10 பிபிபி என்றும் எழுதுவார்கள். மூன்றும் ஒரே அளவுதான். அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன்னால் அலகைப் பாருங்கள். 0.12 என்று சின்னதாகத் தெரியும் எண் மில்லிகிராமில் இருந்தால், அது 120 மைக்ரோகிராம். வழிகாட்டு அளவைப் போல் 12 மடங்கு.

மண்ணுக்குள்ள இது எப்படி வந்தது? யாராவது ரசாயனம் கொட்டினாங்களா?

சுரங்கக் கழிவு, பழைய பூச்சிக்கொல்லி போன்றவற்றால் வருவதும் உண்டு. ஆனால் உலகில் அதிக மக்களைத் தொட்டிருப்பது இயற்கையாக வரும் ஆர்சனிக்தான். பெரிய ஆறுகள் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வரும் மணலிலும் வண்டலிலும் துருவைப் போன்ற இரும்புப் படலம் ஒட்டியிருக்கும். ஆர்சனிக் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும், தண்ணீருக்குள் வராது. வண்டலோடு மக்கிய இலைதழையும் புதைந்திருந்தால்தான் கதை மாறும். அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன் பிறகு அவை இரும்புப் படலத்தையே பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கும். படலம் கரையும், இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து தண்ணீரில் இறங்கும்.

இந்த வேதியியலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகைக் கிணறுகளில் ஆர்சனிக்கோடு இரும்பும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அந்த இரும்பு சுத்திகரிப்பில் நமக்குக் கைகொடுக்கும். கவனிக்காமல் விட்டால் இயந்திரத்தையும் கெடுக்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் ஆர்சனிக் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் இதனால்தான் முடிவாகிறது. கீழே ஆர்.ஓ. பற்றிய கேள்வியில் அது முழுவதுமாக வரும்.

வறண்ட நிலப்பகுதிகளிலும் வெந்நீர் ஊற்று உள்ள இடங்களிலும் வேறு வழியில் ஆர்சனிக் கரைவது உண்டு. அங்கே இரும்பு இல்லாமலே ஆர்சனிக் இருக்கும். எனவே வாளியில் சிவப்புக் கறை படியவில்லை என்பதால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கிணற்றைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லையாம். அப்போ எங்களுக்கும் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆற்று வண்டல் ஒரே சீராகப் படிவதில்லை. சில பத்து மீட்டர் தள்ளி, அதே ஆழத்தில் போட்ட இரண்டு கிணறுகளில் ஒன்று 5, மற்றது 200 என்று வருவது இந்தத் துறையில் சாதாரணம். ஆழமும் முக்கியம். 1998, 1999 ஆண்டுகளில் வங்கதேசத்தில் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில், 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. அதைவிட ஆழமான கிணறுகளில் சுமார் ஒரு சதவீதம்தான் தாண்டின. அதற்காக ஆழம் போனால் எங்கும் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்த மண்ணின் அமைப்பு.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. உங்கள் கிணறு மோசமாக இருந்தாலும், நடந்து போகும் தூரத்தில் நல்ல கிணறு ஒன்று இருக்க வாய்ப்பிருக்கிறது. என்னைக் கேட்டால், குடிக்கவும் சமைக்கவும் அங்கிருந்து இரண்டு குடம் கொண்டுவருவது எந்த இயந்திரத்தையும்விட நம்பகமானது. இயந்திரம் பழுதாகும்; நல்ல கிணற்றின் ஆர்சனிக் அளவு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாது. பாதுகாப்பாகச் சேமித்த மழைநீரும் அப்படித்தான், அதில் கிருமிகளைப் பற்றி மட்டும் கவனம் வேண்டும்.

தோலில் முதலில் என்ன தெரியும்? எத்தனை வருஷத்தில்?

பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள், சிலருக்கு இன்னும் தாமதம். தண்ணீரில் அளவு மிக அதிகமாக இருந்தால் சீக்கிரமே வரலாம்.

முதலில் மாறுவது நிறம். மார்பு, முதுகு, வயிறு போன்ற துணி மூடும் இடங்களில் தோல் கருக்கத் தொடங்கும். அந்தக் கருமைக்கு நடுவே சின்னச் சின்ன வெளிறிய புள்ளிகள் சிதறியிருக்கும். மருத்துவர்கள் இதை மழைத்துளி நிறமாற்றம் என்பார்கள். புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்த மாதிரியேதான் தெரியும். வெயில்பட்டுக் கருத்தது என்றால் முகமும் கையும் அல்லவா அதிகம் கருக்க வேண்டும்? இங்கே மூடிய இடம் கருத்திருக்கும். அதுதான் சந்தேகப்பட வைக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது உள்ளங்கையும் உள்ளங்காலும். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்குத்தான் தெரியும். கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தித் தடவினால் தோலுக்கு அடியில் மணல் பரல் சிக்கியது போல நெருடும். நாள்பட அது மருவைப் போலவோ கால் ஆணியைப் போலவோ கெட்டியான முடிச்சுகளாக மேலெழும்பும். வேலை செய்து வரும் காய்ப்பிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? காய்ப்பு அழுத்தம் படும் இடத்தில் வரும்: மண்வெட்டி பிடிக்கும் இடத்தில், அதிகம் பயன்படுத்தும் கையில். ஆர்சனிக் முடிச்சு இரண்டு கையிலும் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். அழுத்தமே படாத உள்ளங்கைக் குழியிலும் பாதத்தின் வளைவிலும் வரும். பொதுவாக அரிப்பு இருக்காது. அரிப்பெடுத்து வட்டமாகப் பரவினால் அது படர்தாமரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரே தண்ணீரைக் குடிக்கும் வீட்டில் எல்லோருக்கும் தோலில் தெரியாது. ஒருவருக்குத் தெரியும், மற்ற நால்வருக்கும் ஒன்றுமே தெரியாது. அதை வைத்து "அந்த நால்வருக்கும் பாதிப்பு இல்லை" என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தோல் சுத்தமாக இருப்பவர்களின் உடலுக்குள்ளும் அதே ஆர்சனிக்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கிணற்றைச் சோதிக்காமல் தோலைப் பார்த்துப் பிரச்சினையைக் கண்டுபிடித்ததற்கு மேற்கு வங்கமே சாட்சி. 1983இல் கொல்கத்தாவில் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவரிடம் வந்த நோயாளிகளின் தோலை வைத்துத்தான் அங்கே விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அவர்கள் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார்கள்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா? தண்ணீரை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

உண்மைதான். குடிநீர் ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குச் சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகரம் தெளிவான பதில் சொல்கிறது. 1958இல் அந்த ஊருக்கு ஒரு புதிய ஆற்றுநீரைக் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் அளவு பெரிதும் குறைந்தது. ஆக, ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் ஊர் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்தது. அந்தப் பகுதியில் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் உச்சத்தைத் தொட்டதோ 1990களை ஒட்டித்தான். தண்ணீர் நல்லதாகிப் பல பத்தாண்டுகள் கடந்த பிறகும் அவை மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாகவே இருந்தன. அந்த ஆண்டுகளில் தாயின் வயிற்றில் இருந்தவர்களும் கைக்குழந்தைகளும், வளர்ந்து பெரியவர்களான பிறகு நுரையீரல் நோய்களால் அதிகம் இறந்தார்கள்.

எனவே நிறுத்தினால் அபாயம் மறுநாளே மறைந்துவிடாது, மெல்ல மெல்லத்தான் இறங்கும். தோலின் கருமை ஓரளவு மங்கலாம்; உள்ளங்கை முடிச்சுகள் அவ்வளவு எளிதில் போகாது. அதற்காக "இனி நிறுத்தி என்ன பயன்" என்று யோசிக்க வேண்டாம். குடித்த மொத்த அளவு கூடக்கூடத்தான் அபாயமும் கூடுகிறது. வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புகைபிடிப்பவர் என்றால் அதையும் சேர்த்து நிறுத்துவது நல்லது. நுரையீரலைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தால், தனித்தனி அபாயங்களைக் கூட்டி வரும் அளவைவிட அதிகமாகிறது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

மேலே சொன்ன தோல் மாற்றங்கள் இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். தண்ணீர் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள், இல்லையென்றால் அவருக்கு ஆர்சனிக் ஞாபகத்துக்கே வராமல் போகலாம். சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது: முடிச்சு ஒன்று திடீரெனப் பெரிதாவது, வெடித்து ரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது, துணி மூடும் இடத்தில் சிவந்து செதில் உதிரும் திட்டு மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பது, சிறுநீரில் ரத்தம், விடாத இருமல். தோல் திட்டுகளில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் அது புற்றா, புற்றுக்கு முந்தைய நிலையா என்று தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் தோல் புற்றை வெட்டி எடுத்துவிட முடியும்.

ரத்தப் பரிசோதனை இதற்குப் பெரிதாக உதவாது. ரத்தத்திலிருந்து ஆர்சனிக் சீக்கிரமே விலகிவிடும். சிறுநீர்ப் பரிசோதனை கடந்த சில நாட்களில் உள்ளே போனதைக் காட்டும். நகமும் முடியும் கடந்த சில மாதங்களைக் காட்டும். சிறுநீர் கொடுப்பதற்கு முன் மூன்று, நான்கு நாட்கள் கடல் மீனும் இறாலும் தவிர்க்க வேண்டும். அவற்றில் தீங்கில்லாத வேறு வகை ஆர்சனிக் நிறைய உண்டு, அது கணக்கைக் குழப்பிவிடும்.

உடம்பிலிருந்து ஆர்சனிக்கை இழுத்து வெளியேற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். நாள்பட்ட பாதிப்பில் அவை பலன் தருவதாக நிரூபணம் இல்லை. நல்ல தண்ணீருக்கு மாறினாலே உடம்பு தினமும் சிறுநீர் வழியாக அதை வெளியேற்றிவிடும்.

வீட்டிலேயே சோதிக்க கிட் கிடைக்கிறதாமே. அதை நம்பலாமா?

பெரிய அளவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நம்பலாம். வரம்பை ஒட்டிய நுணுக்கத்துக்கு நம்பக் கூடாது.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு குப்பியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி அமிலத் தூளைப் போட வேண்டும். பிறகு ஆக்சிஜனேற்றும் தூள் ஒன்று. தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் தரும் சல்ஃபைடு இருந்தால் அதை முதலில் அழிக்க. கடைசியாகத் துத்தநாகத் தூள். அதைப் போட்ட உடனே நுரைத்து வாயு கிளம்பும், ஆகவே மூடியை உடனே திருக வேண்டும். ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சின் என்ற வாயுவாக மேலே வந்து, மூடியில் செருகிய பாதரச புரோமைடு தாளில் படும். வெள்ளைத் தாள் மஞ்சளாகும். ஆர்சனிக் அதிகமாக இருந்தால் பழுப்பாகும். கிட்டில் குறிப்பிட்ட நிமிடங்கள் கழித்துத் தாளை எடுத்து வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. குப்பியைக் குலுக்கினால் தண்ணீர் தெறித்துத் தாளை நனைத்துவிடும். நனைந்த தாள் பயனற்றது, மெல்லச் சுழற்றினால் போதும். நேரத்துக்கு முன்பே எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நேர் வெயிலில் பார்த்தால் வெளிர் மஞ்சள் தெரியாது, நல்ல வெளிச்சமுள்ள நிழலில் பாருங்கள். 10க்கும் 25க்கும் இடையிலான மஞ்சளை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். ஆர்சின் நச்சு வாயு, கூடவே வருவது எரியும் ஹைட்ரஜன். எனவே காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் நெருப்புக்கும் எட்டாமல் செய்ய வேண்டும். தாளிலும் பாதரசம் இருக்கிறது, குழந்தைகள் கையில் படக்கூடாது.

நான் சொல்லும் முறை இது: தாள் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் அன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள், ஆய்வகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். லேசான மஞ்சள் அல்லது ஒன்றுமே இல்லை என்றால் ஆய்வகத்தில் ஒரு முறை உறுதி செய்யுங்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி எப்படி எடுப்பது?

குழாயில் தேங்கிய தண்ணீர் போக, பம்பை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு எடுங்கள். சுத்திகரிப்புக் கருவிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மாதிரிகள் வேண்டும். புட்டியை ஆய்வகத்திடமே வாங்குவது நல்லது, ஏனென்றால் அதில் சில துளி நைட்ரிக் அமிலம் இருக்கும். அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள்.

அந்த அமிலம் எதற்கு? இரும்புள்ள தண்ணீரைச் சாதாரண பாட்டிலில் பிடித்து ஒரு நாள் வைத்தால் இரும்பு காற்றுப்பட்டுச் சிவந்து அடியில் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் மேலே உள்ள தெளிந்த நீரை எடுத்துச் சோதித்தால் 120 இருக்க வேண்டிய இடத்தில் 60 வரும். பொய்யான நிம்மதி தரும் அறிக்கைகளில் பல இப்படித்தான் உருவாகின்றன.

ஆர்சனிக்கோடு இரும்பு, பிஎச், பாஸ்பேட், அமோனியா ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "உங்களால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு எவ்வளவு?" என்றும் கேளுங்கள். 50க்குக் கீழே அளக்கவே முடியாத ஆய்வகம் "கண்டறியப்படவில்லை" என்று எழுதினால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை.

கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது. தண்ணீர் ஆவியாகும், ஆர்சனிக் அப்படியே தங்கும். கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு, மெழுகுவத்தி வடிவ வடிகட்டி, சாதாரண கார்பன் ஃபில்டர், குளோரின் மாத்திரை ஆகியவையும் தனியாக நின்றால் ஆர்சனிக்கை எடுக்காது. இவையெல்லாம் கிருமிக்கோ வாடைக்கோ உள்ளவை.

வீட்டில் ஆர்.ஓ. இருக்கு. டிடிஎஸ் மீட்டரில் 540 இருந்தது 38 ஆகிவிட்டது. அப்போ கவலை இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே நீளமான பதில் தேவை.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது மின்சாரம் கடத்தும் உப்புகளை, அதுவும் மில்லிகிராம் கணக்கில். 120 மைக்ரோகிராம் என்பது 0.12 மில்லிகிராம், மீட்டரின் கடைசி இலக்கத்தைக்கூட அது அசைக்காது. அது போதாதென்று, ஆழத்து நீரில் உள்ள ஆர்சனிக்கில் பெரும்பகுதிக்கு மின்னூட்டமே கிடையாது.

ஆர்சனிக் இரண்டு வடிவங்களில் வரும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் ஆர்சனைட்டாக இருக்கும். வழக்கமான குடிநீரின் பிஎச் அளவில் அதற்கு மின்னூட்டம் இல்லை. ஆக்சிஜனேற்றம் நடந்தால் ஆர்சனேட் ஆகும். அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஆர்.ஓ. சவ்வு மின்னூட்டம் உள்ளவற்றை நன்றாகத் தடுக்கும். ஆர்சனேட்டில் 95 சதவீதத்துக்கும் மேல் நின்றுவிடும். ஆர்சனைட்டோ நழுவி உள்ளே போய்விடும். வீட்டுக் கருவிகளில் பாதியை ஒட்டித்தான் நிற்கும், அதுவும் கருவிக்குக் கருவி மாறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக் கிணற்றில் ஆர்சனிக் 120, இரும்பு லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வையுங்கள். 120இல் 108 ஆர்சனைட், 12 ஆர்சனேட். சவ்வு ஆர்சனைட்டில் 60 சதவீதத்தை நிறுத்தினால் 43 தப்பிவிடும். ஆர்சனேட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் தப்பாது. ஆக டிடிஎஸ் 38 காட்டும் அந்தத் தெளிந்த தண்ணீரில் ஏறக்குறைய 44 மைக்ரோகிராம் ஆர்சனிக். வழிகாட்டு அளவைப் போல் நான்கு மடங்கு. மீட்டரின் மேல் எந்தத் தவறும் இல்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு.

அப்போ அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

சவ்வுக்கு முன்னால் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்ற வேண்டும். அதற்கு வீட்டில் எளிதான வழி குளோரின். வாசனையோ வேறு சேர்க்கையோ இல்லாத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் போதும்.

அளவு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிகிராம் இரும்பை ஆக்சிஜனேற்ற சுமார் 0.64 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 4 மில்லிகிராமுக்கு 2.6. ஆர்சனிக்குக்கு 0.1 போதும். வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக இன்னும் ஒன்று. மொத்தம் லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 20 லிட்டர் வாளிக்கு 80 மில்லிகிராம் என்று வைத்தால், 5 சதவீதத் திரவத்தில் அது ஏறத்தாழ 1.6 மில்லி. ஊசி போடாத சிரிஞ்சால் அளக்கலாம். பாட்டில் பழசாக இருந்தால் வீரியம் குறைந்திருக்கும், அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் அரைமணி கழித்துக் குளோரின் தாளை நனைத்துப் பாருங்கள். 0.5 முதல் 1 வரை மிஞ்சியிருந்தால் சரி.

இனி இரும்பு தன் வேலையைச் செய்யும். தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கி, சில மணி நேரத்தில் துகள்கள் திரண்டு அடியில் இறங்கத் தொடங்கும். புதிதாக உருவாகும் அந்த இரும்புத் துகள்கள் ஆர்சனேட்டைப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க வைத்து, அடியில் நாலு விரல் ஆழத் தண்ணீரை விட்டுவிட்டு மேல்நீரை மணல் வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். நம் கணக்கில் இரும்பு ஆர்சனிக்கைப் போல் 33 மடங்கு. இந்த விகிதத்தில் நல்ல பங்கு பிடிபடும். 120 என்பது 30க்கு இறங்கினால் வியப்பில்லை. பாஸ்பேட் அதிகமிருந்தால் அதுவும் இரும்பின் மேல் இடத்துக்குப் போட்டியிடும், அப்போது பலன் குறையும். அதனால்தான் அறிக்கையில் பாஸ்பேட் கேட்டோம்.

வடிந்த நீர் கார்பன் ஃபில்டர் வழியாகப் போய் அதற்குப் பிறகே சவ்வுக்குப் போக வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும். இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆர்சனேட் என்பதால் 30 என்பது 2ஐ ஒட்டி வந்துவிடும். இரும்பை முதலிலேயே எடுத்துவிட்டதால் சவ்வும் அடைக்காது.

அமோனியா மட்டும் ஒரு சிக்கல். தண்ணீரில் அமோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். அது ஆர்சனைட்டை மாற்றுவதில் மிகவும் மந்தம். மொத்த குளோரின் தாள் நிறம் காட்டும், வேலை நடந்திருக்காது. எனவே தனிக் குளோரினைக் காட்டும் தாளாக வாங்குங்கள். அமோனியா அதிகம் என்று அறிக்கை சொன்னால் இந்த வழியை விட்டுவிட்டு வேறு நீர் ஆதாரத்தைத் தேடுவதே நல்லது.

குளோரின் போடாமல், சும்மா வாளியில் ஒரு நாள் வைத்தால் இரும்போடு ஆர்சனிக்கும் இறங்காதா?

கொஞ்சம் இறங்கும். காற்று ஆர்சனைட்டை மிக மெதுவாகத்தான் மாற்றும், அதனால் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரும்பு அதிகமாகவும் ஆர்சனிக் குறைவாகவும் உள்ள கிணற்றில் அதுவே போதுமானதாகவும் அமையலாம், அளந்து பார்த்து உறுதி செய்த பிறகு. அளக்காமல் அதை நம்பக் கூடாது.

ஆர்.ஓ. வேண்டாம், ஆர்சனிக்குக்கென்றே வரும் ஃபில்டர் எப்படி?

இரும்பு ஆக்சைடு மணிகளோ ஊக்கப்படுத்திய அலுமினாவோ நிரப்பியவை அவை. ஆர்சனிக் அந்த மணிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், தண்ணீரும் வீணாகாது. இரும்பு மணிகள் ஆர்சனைட்டையும் ஓரளவு பிடிக்கும். அலுமினா அதில் பலவீனம்.

இவற்றின் சிக்கல், நிரம்பிப்போனதை உங்களிடம் சொல்லாது என்பதுதான். மேற்பரப்பு தீர்ந்ததும் தண்ணீர் அதே வேகத்தில், அதே சுவையில், அதே தெளிவோடு வந்துகொண்டே இருக்கும், ஆர்சனிக்கும் கூடவே. தயாரிப்பாளர் சொல்லும் லிட்டர் கணக்கு அவர்கள் சோதித்த தண்ணீருக்குச் சரி. உங்கள் தண்ணீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் அதிகம் என்றால் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடலாம். முதல் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கொன்று என்று வெளிவரும் நீரைக் கிட்டில் பாருங்கள். தாளில் மஞ்சள் ஏறத் தொடங்கிய அன்றே மணிகளை மாற்ற வேண்டும்.

குளிக்க, துவைக்க?

தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. குளிக்கவும் துவைக்கவும் அதே கிணற்று நீரைப் பயன்படுத்தலாம். சமையல் அப்படியல்ல. வேகவைக்கும் தானியமும் பருப்பும் ஊற்றிய நீரை உறிஞ்சிக்கொள்ளும், எனவே குடிநீருக்கு என்ன விதியோ அதே விதிதான் சமையலுக்கும். குழந்தைக்குப் பால் மாவு கரைக்கும் நீருக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும்.

ஆர்.ஓ. கழிவு நீரையும் வாளி அடியில் படிந்த சிவப்புச் சேற்றையும் என்ன செய்வது?

கழிவு நீரில் ஆர்சனிக் இன்னும் அடர்த்தியாக இருக்கும். கழிப்பறைக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். கால்நடைக்கு வைக்க வேண்டாம், கீரைப் பாத்திக்குப் பாய்ச்ச வேண்டாம். சிவப்புச் சேற்றில்தான் பிடிபட்ட ஆர்சனிக் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குளத்திலோ சாணக் குழியிலோ சதுப்பான இடத்திலோ கொட்டினால், ஆற்று வண்டலில் நடந்த அதே கதை அங்கேயும் நடக்கும்: ஆக்சிஜன் தீரும், இரும்பு கரையும், ஆர்சனிக் மறுபடி தண்ணீருக்குள் வரும். எனவே சேற்றைக் காயவைத்து மூடிய டப்பாவில் சேர்த்து வையுங்கள். காய்ந்த தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததை சிமென்ட் கலவையில் சிறு அளவாகக் கலந்து இறுக்கிவிடலாம், அல்லது உள்ளாட்சி அமைப்பின் அபாயக் கழிவுச் சேகரிப்பு இருந்தால் அங்கே கொடுக்கலாம். தீர்ந்துபோன ஃபில்டர் மணிகளுக்கும் இதுவே வழி.